ஆப்பில் மீதமிருக்கும் 63 ரியால்

*அன்பான அக்காவுக்கு, மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம் எனக்கு. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், கதை எழுதுவேன். இப்போது எழுதிய சிறுகதையில் செல்வா என்ற பொடியன் கட்டாரில் வேலை செய்கிறான். போன மாதம் பெட்டிங் ஆப்பில் காசை விட்டுவிட்டான். இந்த மாதம் சம்பளம் வந்ததும் ஆப்பை அழித்துவிட்டு அம்மாவுக்குக் காசு அனுப்புகிறான். அதோடு கதை முடிகிறது. கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கும் பெரியம்மாவின் மகனுக்கு வாசிக்கக் கொடுத்தேன். "ஆப்பை நான் பதினைஞ்சு தரம் அழிச்சிருக்கேன் தங்கச்சி" என்று சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குக் கதையே பொய்யாகத் தெரிகிறது. நீங்கள் சூதாட்டத்தில் மாட்டியவர்களோடு பேசி ஆலோசனை சொல்கிறவர். முடிவை மாற்ற வேண்டுமா?*

அன்புள்ள தங்கச்சி,

கதையை இரண்டு தடவை வாசித்தேன். செல்வா ஆப்பை அழிப்பது பொய் இல்லை. ஹட்டனில் என் எதிரே வந்து உட்காரும் பொடியன்களில் அழிக்காதவனை நான் கண்டதில்லை. எல்லோரும் அழித்தவர்கள்தான், பல தரம் அழித்தவர்கள். அதனால் அதை எடுத்துவிட வேண்டாம். ஆனால் அது இருக்கும் இடம் சரியில்லை. கதையின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அது நடுவில் வரவேண்டிய காரியம். ஏன் என்று சொல்ல, முதலில் ஆப்பை அழித்தால் எது அழிகிறது, எது அழியாது என்று பார்ப்போம்.

கட்டாரில் சூதாட்டம் சட்டப்படி குற்றம். ஆகவே செல்வா இந்த ஆப்பை வழக்கமான ஆப் கடையில் இருந்து எடுத்திருக்க மாட்டான். யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பியிருப்பார். அந்த ஒருவரைத்தான் பொடியன்கள் ஏஜன்ட் என்கிறார்கள். கேம்பில் பக்கத்து அறையில் இருப்பான், இல்லாவிட்டால் பக்கத்துக் கேம்பில். சிரித்துப் பேசுவான், சாப்பாடும் வாங்கித் தருவான். செல்வா அவனிடம் 100 ரியால் காசாகக் கொடுத்தால் ஆப்பில் 100 பொயிண்ட் ஏறும். ஜெயித்தால் அவனிடமேதான் திரும்ப வாங்க வேண்டும். உங்கள் கதையில் ஏஜன்ட் இல்லை. ஆளில்லாத கொட்டிலில் தனியாக விளையாடுகிற மாதிரி செல்வாவும் போனும் மட்டும் இருக்கிறார்கள். உங்கள் அண்ணன் சிரித்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆப் படத்தை அழுத்திப் பிடித்து அழித்தால் போன் திரையில் இருந்து அந்தப் படம் போகும், அவ்வளவுதான். கணக்கு அப்படியே இருக்கும். பெயரும் பாஸ்வேர்டும் போனில் பதிந்திருக்கும். இறக்கிய கோப்பு Downloads உள்ளே கிடக்கும். ஏஜன்டின் இலக்கம் வாட்ஸ்அப்பில் இருக்கும். திரும்பப் போட இரண்டு நிமிடம் போதும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கணக்கில் கொஞ்சம் காசு மிச்சம் இருக்கும்.

இந்த மிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். உங்கள் கதைக்கு வேண்டிய சாவி இதற்குள்தான் இருக்கிறது.

இப்படியான ஆப்புகளில் காசை வெளியே எடுக்க ஒரு குறைந்த அளவு வைத்திருப்பார்கள். 100 என்று வைத்துக்கொள்வோம். செல்வாவின் கணக்கில் 63 ரியால் மீதம் இருக்கிறது. 63ஐ எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் இன்னும் 37 ஜெயிக்க வேண்டும், அல்லது மேலே காசு போட்டு விளையாட வேண்டும். ஒரு ரியாலை 80 ரூபாய் என்று வைத்தால் 63 ரியால் 5,040 ரூபாய். உங்கள் கதை 2025 ஐ.பி.எல். காலத்தில் நடப்பதாகத் தெரிகிறது. அந்த நேரம் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாய். அப்படியென்றால் அந்த 63 ரியால், செல்வாவின் அம்மா கிட்டத்தட்ட நான்கு நாள் முழுப்பேர் போட்டால் கிடைக்கும் காசு. பிரட்டுக்குப் போய், மழையில் படங்கு கட்டி, கொழுந்து நிறுத்துப் போட்ட நாலு நாள்.

செல்வாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்துப் பிள்ளை காசைப் பேரில், அதாவது வேலை நாளில், எண்ணித்தான் வளர்ந்திருப்பான். அப்படிப்பட்டவன் அம்மாவின் நாலு நாள் காசை ஆப்பில் விட்டுவிட்டு எப்படி அழிப்பான்? "இதை மட்டும் எடுத்துட்டு அழிச்சிருவோம்" என்று நினைப்பான். என்னிடம் வந்தவர்கள் அநேகம் பேர் விழுந்த இடம் இதுதான். மிச்சக் காசை மீட்கப் போய் அதற்கு மேல் பத்து மடங்கை விட்டார்கள்.

ஆகவே செல்வா அந்த 63ஐ அங்கேயே விட்டுவிட்டு அழிக்கிறான் என்று எழுதுங்கள். அம்மாவின் நாலு நாள் என்று தெரிந்துகொண்டே விடுகிறான். அழுத்துகிற விரலுக்கு அப்போதுதான் பாரம் வரும். இப்போது உங்கள் கதையில் அவன் ஒன்றையும் இழக்காமல் அழிக்கிறான். அதனால்தான் வாசிக்கிறவருக்கு அது லேசாக இருக்கிறது.

அடுத்தது, போன மாதம் காசு எப்படிப் போனது என்பது. "ஒரே இரவில் சம்பளம் முழுவதும் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் நடக்கும். ஆனால் நான் கேட்ட கதைகளில் அநேகமானவை மெதுவாகத்தான் போயிருக்கின்றன. மெதுவாகப் போவது இன்னும் பயங்கரமானது, எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது.

விமானம் ஏறுகிற அந்த விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன விமானம் ஏறிக்கொண்டே போகும், அதோடு போட்ட காசின் மடங்கும் ஏறும். அது பறந்து மறைவதற்கு முன் வெளியே எடுத்தால் காசு உங்களுக்கு. மறைந்துவிட்டால் போட்டது போச்சு. நீண்ட கணக்கில் போடும் ஒவ்வொரு 100க்கும் 97 திரும்ப வரும் என்று விளையாட்டை நடத்துகிறவர்களே சொல்லிக்கொள்ளும் வகை இது. 97 என்றால் பெரிய நட்டம் இல்லை என்றுதானே தோன்றும்?

செல்வா ஒரு தரத்துக்கு 10 ரியால் மட்டும் போடுகிறான். கவனமாக விளையாடுவதாக அவனுக்கு நினைப்பு. ஒரு நிமிடத்தில் இரண்டு ஆட்டம் முடிந்துவிடும். கட்டிலில் படுத்தபடி இரண்டு மணி நேரம் விளையாடினால் 240 ஆட்டம். அதாவது அந்த இரவில் அவன் 2,400 ரியால் பந்தயம் வைத்திருக்கிறான். கையில் அவ்வளவு காசு இருந்ததே இல்லை. அதே காசுதான் திரும்பத் திரும்பச் சுற்றியது. 2,400இல் நூற்றுக்கு மூன்று என்றால் 72 ரியால். பத்து இரவு இப்படி என்றால் 720. சராசரியாகச் சொல்கிறேன். ஒரு இரவு 150 ஜெயித்திருப்பான், இன்னொரு இரவு 300 விட்டிருப்பான். ஜெயித்த இரவு மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும். ஒன்றரை மடங்கில் எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விமானம் நாற்பது மடங்கு வரைக்கும் போன ஆட்டமும் நிற்கும். "இன்னும் ரெண்டு செக்கன் பொறுத்திருந்தா" என்று அவன் மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். தோற்றதை விட, தவறவிட்டது ஆளைத் தூங்கவிடாது.

செல்வாவின் சம்பளத்தை நீங்கள் சொல்லவில்லை. கதைக்கு அது வேண்டும். சாப்பாட்டுக் காசும் ஓ.டி.யும் சேர்த்து 1,750 ரியால் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 1,300 வீட்டுக்கு அனுப்புவான், 450 அவனுக்கு. போன மாதம் 720 போனதால் 580தான் அனுப்பினான். அம்மாவுக்கு "ஓ.டி. இல்லம்மா, கம்பனி கொஞ்சம் பிடிச்சு வெச்சிருக்கு" என்று சொல்லியிருப்பான். 720 ரியால் என்றால் 57,600 ரூபாய். அம்மாவுடைய கிட்டத்தட்ட 43 நாள். அந்த எண்ணை அவன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டான் என்று நினைக்காதீர்கள். பார்த்திருப்பான். கதையில் அதை எங்காவது ஒரு வரியில் வையுங்கள். அழுகை ஒன்றும் வேண்டாம், எண் மட்டும் போதும்.

சரி, இனி சம்பள நாளுக்கு வருவோம்.

நீங்கள் செல்வாவைக் கொஞ்சம் ஆசைக்காரனாகக் காட்டியிருக்கிறீர்கள். விலை கூடிய போன், புதுச் சப்பாத்து என்றெல்லாம் கனவு காண்கிறான். என் அனுபவத்தில் சம்பள நாளில் ஆளை இழுப்பது அந்த ஆசை இல்லை. அனுப்பாமல் விட்ட 720தான் இழுக்கும். அம்மாவிடம் சொன்ன பொய்யை இந்த மாதமே சரிக்கட்ட வேண்டும், குறைந்ததையும் சேர்த்து 2,020 அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு இருக்கும். சம்பளமே 1,750தான். மிச்சத்துக்கு எங்கே போவது? ஆகவே வீட்டுக்கு அனுப்புவதற்காகவே திரும்ப விளையாட நினைக்கிறான். விட்டதைப் பிடிக்கப் போவது இந்த நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு சூதாட்டத்தைக் குடி, போதை வரிசையில் சேர்த்தபோது கொடுத்த அடையாளங்களிலும் அது இருக்கிறது. ஆனால் கையேட்டில் அம்மா இல்லை, லயம் இல்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். அம்மாவின் மேல் உள்ள பாசமே அவனை ஆப்புக்குள் தள்ளுகிறது என்பதை ஒரு கதைக்காரியால்தான் காட்ட முடியும்.

அந்த எண்ணம் மனதில் எப்படி ஓடும் என்றால், "200 மட்டும் போடுவோம். 920 ஆனதும் நிறுத்திடுவோம். 200 திரும்ப வந்திரும், 720உம் கிடைச்சிரும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஆட்டத்தில் 200ஐ 920 ஆக்க வேண்டுமென்றால் விமானம் 4.6 மடங்கு ஏறும் வரை காத்திருக்க வேண்டும். 97 திரும்ப வரும் விளையாட்டில் அது நூற்றில் 21 தரம்தான் நடக்கும். 79 தரம் 200உம் போய்விடும். 10, 20 என்று சின்னச் சின்னதாகப் போட்டு அங்கே போகப் பார்த்தால் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த மூன்று மூன்றாகத் தேய்ந்துகொண்டே போகும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். ஐ.பி.எல். இரவு ஆட்டம் நமக்கு ஏழரை மணிக்கு. டோகாவில் அப்போது மாலை ஐந்து மணி. வேலை முடிந்து பஸ்ஸில் இருந்து இறங்கி, குளித்து, கட்டிலில் சாயும் நேரம். ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம் வைக்கலாம் என்பதால் ஆப்பில் சூடு பிடிக்கும் நேரமும் அதுதான். கட்டாரில் 2015இல் இருந்து சம்பளத்தை வங்கி வழியாகத்தான் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் சம்பளம் விழுந்ததும் போனில் மெசேஜ் வரும். செல்வாவுக்கு அது நாலேகாலுக்கு வருகிறது என்று வையுங்கள். நாலேகால் முதல் ஐந்து வரை முக்கால் மணி நேரம். உங்கள் கதை அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் விமான நிலையம், முதல் நாள் வெயில், தோட்டத்து நினைவுகள் எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் வெட்டலாம். எழுதியது அழகாக இருக்கிறது, வெட்ட மனம் வராது, தெரியும். ஆனாலும் வெட்டுங்கள்.

நீங்கள் முதலில் ஆப்பை அழிக்க வைத்து, அதற்குப் பிறகு காசு அனுப்ப வைத்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு பொடியன் வந்து கேட்டால் நான் மாற்றித்தான் சொல்வேன். முதலில் காசை அனுப்பு, பிறகு ஆறுதலாக ஆப்பை அழி என்பேன். அம்மாவின் கைக்குப் போன காசை ஏஜன்டிடம் கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கில் சம்பளம் இருக்கும்போது அழிப்பவனுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. அழித்ததும் நெஞ்சு லேசாகிவிடும், தான் வென்றுவிட்டதாக நினைப்பான். வென்றவனுக்கு அவசரம் இருக்காது. "சாப்பிட்டுட்டு போய் அனுப்புவோம்" என்று உட்காருவான். 1,750 ரியால் கணக்கில், ஐந்து மணி ஆட்டம் தொடங்கப் போகிறது, பக்கத்து அறையில் ஏஜன்ட்.

ஆனால் கதையில் உங்கள் வரிசையை மாற்ற வேண்டாம். வாழ்க்கையில் ஆபத்தான வரிசைதான் கதைக்கு நல்ல வரிசை. அழிக்கட்டும். அழித்ததற்கும் அனுப்புவதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் அவனை நடக்க விடுங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏஜன்டுக்கும் சம்பளத் தேதி தெரியும், அந்தத் தேதியை வைத்துத்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. "தம்பி, இன்னைக்கு மேட்ச்சுக்கு 50 பொயிண்ட் நான் சும்மா போட்டுவிடுறேன்" என்று மெசேஜ் அனுப்புவான். செல்வா "நான் ஆப்பை அழிச்சிட்டேன்" என்று பதில் போட்டால் அவன் கோபிக்க மாட்டான், கெஞ்சவும் மாட்டான். ஒரு புது லிங்க் அனுப்புவான். அவ்வளவுதான். அந்த லிங்க் திரையில் நீலமாக இருக்கும்போது செல்வாவின் உடம்பில் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். வந்தவர்கள் என்னிடம் சொன்னது, வாய் காய்ந்துபோகும், கை வியர்க்கும், வயிற்றுக்குள் ஏதோ புரளும், காது பக்கத்துச் சத்தத்தைக் கேட்காது. பசி மாதிரி என்று சிலர் சொன்னார்கள். வாகனம் பள்ளத்தில் இறங்கும்போது வருமே அந்த மாதிரி என்று இன்னொருவர் சொன்னார்.

இந்த உந்துதல் அலை மாதிரி ஏறும், ஏறி நிற்கும், பிறகு இறங்கும். அதற்குத் தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். நாங்கள் ஆலோசனையில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். அலையோடு சண்டை பிடிக்க வேண்டாம், அது இறங்கும் வரை வேறு எங்காவது நில் என்போம். உங்கள் கதைக்கு அந்த "வேறு எங்காவது" ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மணி எக்ஸ்சேஞ்ச் வரிசை. சம்பள நாளில் அந்த வரிசை கடைக்கு வெளியே வரைக்கும் நிற்கும். போனிலேயே அனுப்பலாம்தான், பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் செல்வாவை வரிசையில் நிறுத்துங்கள். அரைமணி நேரம் நிற்கட்டும். முன்னால் நேபாளப் பொடியன், பின்னால் வங்காளத்து ஐயா ஒருவர். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கையில் போன், போனில் லிங்க். வரிசை ஒரு ஆள் நகர்கிறது. அவன் நகர்கிறான். அலை ஏறுவதையும் இறங்குவதையும் வரிசையின் நீளத்தாலேயே காட்டிவிடலாம், ஒரு சொல் விளக்கமும் தேவையில்லை.

கவுண்டரில் அவன் எவ்வளவு அனுப்புகிறான் என்பதும் முக்கியம். 2,020 அனுப்ப அவனால் முடியாது. 1,300 அனுப்புகிறான். அதாவது போன மாதக் குறை குறையாகவே இருக்கிறது. அதை ஒரே நாளில் நிரப்பாமல் விட்டுவிட்டு நிற்கிறான். 63ஐ விட்டது போல 720ஐயும் விடுகிறான். இரண்டையும் விட்டால்தான் இவன் விளையாட்டில் இருந்து வெளியே வருகிறான் என்று நான் நம்புவேன்.

அப்புறம் வீட்டுக்கு எடுக்கும் கோல். உங்கள் அம்மா பாத்திரம் காசு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் அழுகிறாள். அதை மாற்றப் பாருங்கள். மகன் அனுப்பும் காசில் ஏதோ சரியில்லை என்பது வீட்டில் இருப்பவர்களுக்கு அநேகமாக முன்பே தெரிந்திருக்கும், பெயர் தெரியாது, அவ்வளவுதான். ஒரே தொகையாக வந்தது இரண்டு துண்டாக வரத் தொடங்கும். ஐந்தாம் தேதி பத்தாம் தேதியாகும். வீடியோ கோல் குறைந்து வெறும் குரல் கோலாகும். கடைசியில் அங்கே இருந்து இங்கே காசு கேட்பான், அக்காவின் சங்கிலியை அடகு வைத்து அனுப்பச் சொல்வான். இந்த அடையாளங்களில் ஒன்றிரண்டை அம்மா கவனித்திருக்கட்டும். "போன மாசம் கொறஞ்சிச்சே தம்பி" என்று மட்டும் கேட்கட்டும். அதற்கு அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதில் கதை முடியலாம். பொய்யைத் திரும்பச் சொல்லலாம். உண்மையைச் சொல்லலாம். அம்மாவிடம் சொல்ல முடியாமல் "அக்காகிட்ட போனைக் குடுங்கம்மா" என்றும் சொல்லலாம். மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்கிறது. அம்மாவிடம் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் உடன்பிறந்தவர்களில் ஒருவரிடம் சொல்வதை நிறையக் கண்டிருக்கிறேன். சம்பளத் தேதியும் தொகையும் தெரிந்த இன்னொரு ஆள் வீட்டில் இருந்தால், அடுத்த மாதம் அந்த முக்கால் மணி நேரத்தில் அவன் தனியாக இருக்க மாட்டான். உண்மையைச் சொல்லிய பிறகு அழித்த ஆப்புக்கும், சொல்லாமல் அழித்த ஆப்புக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சொல்லாமல் அழித்ததைத் திரும்பப் போட்டாலும் யாருக்கும் தெரியாதே.

கதை இவ்வளவுதான் தங்கச்சி. இனி உங்கள் அண்ணனைப் பற்றி.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அவர் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த வரிதான். பதினைந்து தரம் அழித்தவர் பதினான்கு தரம் திரும்பப் போட்டிருக்கிறார். பதினைந்தாவதுக்குப் பிறகு என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை. உங்கள் கதையைப் பற்றிப் பேசுவது போல அவர் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வேறு யாரிடமும் அவர் இதைச் சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அவரிடம் "நீங்க விளையாடுறீங்களா" என்று கேட்காதீர்கள். இல்லை என்பார், பேச்சு முடிந்துவிடும். கதைக்கு உதவி கேட்பது போலவே கேளுங்கள். "அண்ணே, கடைசியா எப்ப அழிச்சீங்க?" அவர் போன வருசம் என்றாலும் சரி, போன வாரம் என்றாலும் சரி, முகத்தை மாற்றாமல் அடுத்ததைக் கேளுங்கள், அழித்தபோது உள்ளே எவ்வளவு மிச்சம் இருந்தது என்று. அந்தத் தொகை அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தால், கணக்கு இன்னும் அவர் மனதில் திறந்துதான் இருக்கிறது. அவர் கதை சொல்லச் சொல்ல நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். பெரியம்மாவிடம் உடனே போய்ச் சொல்லிவிட வேண்டாம். அப்படிச் சொன்னால் அடுத்த முறை உங்களிடமும் வாயைத் திறக்க மாட்டார்.

அவர் உதவி வேண்டும் என்றால் போனில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஏஜன்டின் இலக்கத்தை முடக்கிவிட்டு, Downloads இல் கிடக்கும் அந்தக் கோப்பையும் அழிக்கச் சொல்லுங்கள். அன்ட்ரொயிட் போன் என்றால் அமைப்புகளில் Install unknown apps என்று இருப்பதைத் தேடி, வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அந்த அனுமதியை நிறுத்திவிட வேண்டும். BetBlocker என்ற இலவச ஆப் ஒன்று இருக்கிறது. சூதாட்டத் தளங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவைக்கும், ஐந்து வருடம் வரை போடலாம். ஆனால் ஏஜன்ட் அடிக்கடி மாற்றி அனுப்பும் புதுப்புதுத் தளங்கள் எல்லாவற்றையும் அது பிடிக்காது. அதனால் இவை எல்லாம் திரும்பப் போடும் இரண்டு நிமிடத்தை இருபது நிமிடமாக்கும், அவ்வளவுதான். அலை இறங்க அந்த இருபது நிமிடம் உதவும்.

கடன் பெரிதாகி இருந்தாலோ, தூக்கம் போய்விட்டது என்றாலோ, இனி இருந்து என்ன பயன் என்ற மாதிரி ஏதாவது சொன்னாலோ நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். 1926க்கு அழைக்கலாம், அது நம் நாட்டுத் தேசிய மனநல உதவி இலக்கம். லீவில் நிற்கும்போதே பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். கட்டாருக்குத் திரும்பிப் போனபிறகு, சட்டத்துக்குப் பயந்து அவர் யாரிடமும் பேசமாட்டார்.

இன்னொன்று. அவருக்கு எந்தத் தேதியில் சம்பளம் விழும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பிப் போன முதல் மாதம், அந்தத் தேதியில், நம் நேரம் மாலை ஏழு மணிக்கு முன் ஒரு கோல் எடுங்கள். கதை எழுதி முடித்துவிட்டேன், வாசிக்கிறேன் கேளுங்கள் என்று சொல்லுங்கள். மெதுவாக வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா